வழக்குரை காதையை இன்றைய தமிழில் எழுதுவது எப்படி?

"சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் வழக்குரைக்கும் பகுதியை ஆண்டுவிழாவில் வாசிக்க, இன்றைய தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். எளிமையாக எழுதினால் சீரியல் வசனம் மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியே விட்டால் யாருக்கும் புரியாது. மூலத்தின் கம்பீரம் குறையாமல் எப்படி எழுதுவது?"

கம்பீரம் கடினமான சொற்களில்தான் இருக்கிறது என்று நினைத்தால் இந்த வேலை நடக்காது. 'புன்கண்' என்பதைத் 'துயர்' என்று மாற்றுவதால் கண்ணகி ஒரு விரல்கடை கூடக் குறைந்துவிட மாட்டாள். யார் யாரை எப்படி விளிக்கிறார், எதை முதலில் சொல்கிறார், எதைக் கடைசி வரை வைத்திருக்கிறார் என்பவற்றில்தான் அந்தக் காட்சியின் கம்பீரம் இருக்கிறது. சொற்களைத் தாராளமாக மாற்றுங்கள், இவற்றில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் நல்ல உரை ஒன்று பக்கத்தில் வேண்டும். சிலம்புக்கு அடியார்க்குநல்லார் எழுதிய விரிவான உரை ஊர்சூழ் வரியோடு நின்றுவிடுகிறது. அடுத்து வருவதுதான் வழக்குரை காதை. எனவே இங்கே நமக்குக் கிடைக்கும் பழைய துணை, அருஞ்சொற்களுக்கு மட்டும் பொருள் தரும் அரும்பதவுரை. அதோடு ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரையையும் வைத்துக்கொண்டால் போதும்.

அடுத்தது பதம் பிரிப்பது. பல அடிகள் பிரித்த உடனேயே புரிந்துவிடும், அவற்றைத் தொட வேண்டியதே இல்லை. "கணவனை இழந்தாள் கடையகத் தாளே" என்பதைக் "கணவனை இழந்தாள் கடை அகத்தாளே" என்று பிரித்து, 'கடை' என்றால் வாசல் என்று தெரிந்துகொண்டால் வேலை முடிந்தது. "கணவனை இழந்தவள் வாசலில் நிற்கிறாள்." மூலத்தில் இந்த அடி இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. நீங்களும் இரண்டு முறை எழுதுங்கள். 'ஒரு முறை சொன்னால் போதாதா' என்று தோன்றும். வாயிற்காவலன் பதறிப்போய்ச் சொல்கிறான், அந்தப் பதற்றம் இரண்டாவது முறையில்தான் கேட்கிறது.

ஆபத்து, புரியாத சொற்களில் இல்லை. அவற்றுக்கு அகராதி பார்த்துவிடுவோம். புரிந்துவிட்டதாக நினைக்கும் சொற்கள்தான் காலை வாரும். "யாரையோ நீ" என்று அரசன் கேட்கிறான். இந்த 'யாரை'யில் உள்ள ஐ வேற்றுமை உருபு இல்லை, வெறும் சாரியை. "யார் நீ?" என்பதுதான் கேள்வி. அதேபோல "மாசாத்து வாணிகன் மகனை ஆகி" என்பது "மகனாகி". 'கோயில்' இங்கே அரண்மனை. 'ஆழி' கடல் அல்ல, தேர்ச்சக்கரம். 'பகர்தல்' என்றால் சொல்லுதல் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் "என்காற் சிலம்பு பகர்தல் வேண்டி" என்னும்போது அது விற்பது. அரசன் கண்ணகியை "மடக்கொடியோய்" என்கிறான். அந்த மடம் இன்றைய மடத்தனம் அல்ல, பெண்ணின் மென்மையைச் சொல்வது. ஒலியைப் பார்த்து 'பேதைப் பெண்ணே' என்று எழுதிவிட்டால், மூலத்தில் இல்லாத ஓர் அவமதிப்பை அரசன் வாயில் வைத்துவிடுவீர்கள். "இளங்கொடி போன்றவளே" என்று எழுதலாம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கண்ணகி அரசனை 'நீ' என்கிறாள். "நின்னகர்", "நின்பால்". ஒரு பெண் அரசவையில் நின்று மன்னனை 'நீ' என்று பேசலாமா என்று நினைத்தோ, பள்ளி விழா என்பதாலோ, சிலர் 'நீங்கள்' என்று மாற்றுகிறார்கள். வேறு சிலர் எதிர்ப்பக்கம் போய், அவள் கோபத்தில்தான் 'நீ' என்கிறாள் என்று குரலை உயர்த்துகிறார்கள். இரண்டுமே சரியில்லை. பழந்தமிழில் ஒருவரிடம் பேச 'நீ'தான் இயல்பான சொல். புறநானூற்றில் புலவர்கள் அரசர்களைப் புகழும்போதும் 'நீ' என்றுதான் புகழ்கிறார்கள். வாயிற்காவலனும் "செழிய வாழி, தென்னவ வாழி" என்று ஒருமையில்தான் வாழ்த்துகிறான். ஆகவே 'நீ' அப்படியே இருக்கட்டும், அதற்கு அழுத்தம் கொடுக்காமல் எழுதுங்கள்.

இதே சிக்கல் படர்க்கையிலும் வரும். "மன்னவன் மயங்கிவீழ்ந் தனனே" என்பதை இன்றைய பழக்கத்தில் 'மன்னர் மயங்கி விழுந்தார்' என்று எழுதக் கை போகும். அப்படி எழுதினால் அடுத்த கேள்வி உடனே வரும்: கண்ணகி 'வந்தாளா', 'வந்தாரா'? மன்னருக்கு 'ஆர்' போட்டு அவளுக்கு 'ஆள்' போட்டால், இளங்கோவடிகள் போடாத ஓர் ஏற்றத்தாழ்வை நீங்கள் போட்டுவிடுகிறீர்கள். எல்லாருக்கும் 'ஆர்' போட்டால் செய்தி வாசிப்பது போலாகிவிடும். மன்னவன் வீழ்ந்தான், தேவி வீழ்ந்தாள், கண்ணகி சொன்னாள். மூலம் மூவரையும் ஒரே தளத்தில் வைத்திருக்கிறது.

ஆனால் தன்மையில் அது ஒரே தளத்தில் வைக்கவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. அரசன் பேசும் சொற்களை மட்டும் தனியே எடுத்து வரிசையாக எழுதிப் பாருங்கள். "நீர்வார் கண்ணை எம்முன் வந்தோய்" என்று தொடங்குகிறான். பிறகு "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான். எம், யாம். தான் ஒருவனாக இருந்தும் பன்மையில் பேசுகிறான், அரச பதவியின் குரல் அது. சிலம்பு உடைகிறது. அதற்குப் பிறகு வருவது "யானோ அரசன் யானே கள்வன்", "என்முதற் பிழைத்தது", "கெடுகவென் ஆயுள்". யான், என். பன்மை போய்விட்டது. அவன் கீழே விழுவதற்கு முன்பே அவன் இலக்கணம் விழுந்துவிட்டது. கண்ணகியோ தொடக்கம் முதல் "என் பதியே", "என்காற் சிலம்பு", "என் பெயரே" என்று ஒருமையிலேயே நிற்கிறாள். கடைசியில் அரசன் அவளுடைய ஒருமைக்கு வந்து சேர்கிறான்.

இதை இன்றைய தமிழில் எழுதும்போது அரசனுக்கு முதலிலிருந்தே 'என்' போட்டுவிட்டால் இந்த மாற்றம் சுவடின்றிப் போய்விடும். நல்லவேளை, 'எம்' இன்றும் புரியும் சொல்தான். "கண்ணீர் வழிய எம் முன் வந்தவளே, யார் நீ?" என்றும் "எம்முடைய சிலம்பில் முத்துப் பரல்கள்" என்றும் எழுதிவிட்டு, உடைந்த பிறகு ஒருமைக்கு இறங்குங்கள். "யானோ அரசன் யானே கள்வன்" என்னும் அடியை மட்டும் நான் மாற்ற மாட்டேன். சிலம்பைப் படிக்காதவர்களுக்கும் அது தெரியும். "நானா அரசன்? நானே கள்வன்" என்பது சரியான பொருள்தான். ஆனாலும் கேட்பவர் மனத்தில் ஏற்கனவே பழைய வடிவம் உயிரோடு இருக்கும்போது, அதற்குப் போட்டியாக ஒன்றை எழுதிப் பயன் இல்லை.

இப்போது கண்ணகியின் பேச்சு. "யார் நீ" என்னும் கேள்விக்கு அவள் சொல்லும் பதில் இது:

தேரா மன்னா செப்புவ துடையேன்
எள்ளறு சிறப்பின் இமையவர் வியப்பப்
புள்ளுறு புன்கண் தீர்த்தோன் அன்றியும்
வாயிற் கடைமணி நடுநா நடுங்க
ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சுசுடத் தான்தன்
அரும்பெறற் புதல்வனை ஆழியின் மடித்தோன்
பெரும்பெயர்ப் புகாரென் பதியே அவ்வூர்
ஏசாச் சிறப்பின் இசைவிளங்கு பெருங்குடி
மாசாத்து வாணிகன் மகனை யாகி
வாழ்தல் வேண்டி ஊழ்வினை துரப்பச்
சூழ்கழல் மன்னா நின்னகர்ப் புகுந்தீங்கு
என்காற் சிலம்புபகர்தல் வேண்டி நின்பால்
கொலைக்களப் பட்ட கோவலன் மனைவி
கண்ணகி என்பதென் பெயரே

வழக்கமாக இதை எளிமைப்படுத்துகிறவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: "என் பெயர் கண்ணகி. என் ஊர் புகார். என் கணவர் கோவலன். அவர் சிலம்பு விற்க மதுரைக்கு வந்தார். விசாரிக்காமல் அவரை நீங்கள் கொன்றுவிட்டீர்கள்." இதில் பிழையான தகவல் ஒன்றும் இல்லை. ஆனால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும் மனு போல இருக்கிறது. பெயர் முதலில் வந்துவிட்டதுதான் முதல் கேடு. மூலத்தில் அவள் தன் ஊரின் நீதியைச் சொல்கிறாள், பிறகு கணவன் குடியைச் சொல்கிறாள், பிறகு அவனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறாள், தன் பெயரைக் கடைசி அடியில் வைக்கிறாள். ஊரையும் சும்மா சொல்லவில்லை. பறவைக்காகத் தன்னையே தந்தவனும், கன்றுக்காக மகனைக் கொன்றவனும் ஆண்ட ஊர் என்று சொல்லும்போதே, எதிரே இருப்பவனை அவர்களோடு நிறுத்தி அளந்துவிடுகிறாள். 'நீ அநீதி செய்தாய்' என்ற வாக்கியம் அவளுக்குத் தேவைப்படவே இல்லை.

கோவலனைப் பற்றிய பகுதியில் வினைமுற்றே கிடையாது என்பதையும் பாருங்கள். மகனாகி, வேண்டி, துரப்ப, புகுந்து, வேண்டி என்று எச்சமாகவே ஓடி, "பட்ட" என்னும் பெயரெச்சத்தில் போய் நிற்கிறது. அதை 'பிறந்தார். வந்தார். விற்க முயன்றார்.' என்று துண்டு துண்டாக்கினால் அந்த ஓட்டம் நின்றுவிடும். இன்றைய வாசகரால் நீண்ட வாக்கியத்தைத் தாங்க முடியாது என்பது மிகையான பயம். கேட்பவர்கள் நீளத்துக்குத் தடுமாறுவதில்லை, எழுவாய் யாரென்று தெரியாதபோதுதான் தடுமாறுகிறார்கள். மூலமே ஓர் இடத்தில் மூச்சு விடுகிறது: "புகாரென் பதியே". அங்கே முற்றுப்புள்ளி வையுங்கள். முன்பகுதியை இரண்டு அரசர்களுக்கு இரண்டு வாக்கியமாகப் பிரிக்கலாம். பின்பகுதி ஒரே வாக்கியமாக ஓடட்டும்.

இன்னொன்று, 'வேண்டி' இரண்டு முறை வருகிறது. வாழ்தல் வேண்டி வந்தான், சிலம்பு பகர்தல் வேண்டிக் கொலையுண்டான். ஒன்றை 'வாழ்வதற்காக' என்றும் மற்றொன்றை 'விற்கும் பொருட்டு' என்றும் அழகுக்காக மாற்றி எழுதத் தோன்றும். மாற்றாதீர்கள். 'வாழ வேண்டி', 'விற்க வேண்டி' என்பது இன்றும் நல்ல தமிழ்தான்.

கடைமணி என்னும் சொல் விளையாட்டைத்தான் முழுதாகக் கொண்டுவர முடியாது. வாயிற் கடைமணி என்பது வாசலில் தொங்கும் ஆராய்ச்சி மணி. ஆவின் கடைமணி என்பது பசுவின் கண்ணின் கடைப்பகுதி. ஒரே சொல் இரண்டு பொருளில் அடுத்தடுத்த அடிகளில் வருகிறது. 'வாசல்மணி', 'கண்மணி' என்று வைத்தால் 'கடை' போனாலும் 'மணி' தங்கும். அது தங்க வேண்டும், ஏனென்றால் காட்சியின் முடிவில் சிலம்பிலிருந்து தெறிப்பதும் மணிதான்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"ஆராயாத மன்னனே, உன்னிடம் சொல்ல ஒன்று உண்டு. இகழ்ச்சியில்லாத சிறப்புடைய தேவர்களும் வியக்க, ஒரு பறவைக்கு உற்ற துயரைத் தீர்த்தவன் ஒருவன். வாசல்மணியின் நாக்கு நடுங்க, பசுவின் கண்மணி உகுத்த நீர் நெஞ்சைச் சுட, பெறற்கரிய தன் மகனைத் தானே தேர்ச்சக்கரத்தில் இட்டு மாய்த்தவன் இன்னொருவன். அவர்களுடைய, பெரும்பெயர் பெற்ற புகார் என் ஊர். அவ்வூரில் பழிச்சொல் அறியாத, புகழ் விளங்கும் பெருங்குடி வணிகன் மாசாத்துவானுக்கு மகனாகி, வாழ வேண்டி, ஊழ்வினை துரத்த, கழலணிந்த மன்னனே, உன் நகருக்குள் வந்து, இங்கே என் காற்சிலம்பை விற்க வேண்டி, உன்னிடத்தில் கொலையுண்ட கோவலனின் மனைவி. கண்ணகி என்பது என் பெயர்."

'உன்னிடத்தில் கொலையுண்ட' என்பதைக் கவனியுங்கள். "நின்பால்" என்றுதான் அவள் சொல்கிறாள், 'நீ கொன்ற' என்று சொல்லவில்லை. மேடைகளில் கேட்டுப் பழகிய கண்ணகி கத்துவாள். நூலில் இருப்பவள் இந்த இடத்தில் அளந்து பேசுகிறாள். அளவு மீறிப் பேசியது வாசலில், காவலனிடம்: "அறிவறை போகிய பொறியறு நெஞ்சத்து இறைமுறை பிழைத்தோன்" என்று அங்கே அரசனைத் திட்டித் தீர்த்துவிட்டாள். அங்கே மொழி கடுமையாக இருக்கட்டும், அவையில் தணியட்டும்.

அடுத்து, இருவர் பேச்சுக்கும் இடையே உள்ள எதிரொலி. காவலன் உள்ளே போய் "வாழியெங் கொற்கை வேந்தே வாழி" என்று தொடங்கிப் "பழியொடு படராப் பஞ்சவ" என்று வாழ்த்துகிறான். பழியின் பக்கம் செல்லாத பாண்டியனே என்று பொருள். சற்று நேரத்தில் கண்ணகி அதே அரசனை "நற்றிறம் படராக் கொற்கை வேந்தே" என்கிறாள். அதே 'படரா', அதே 'கொற்கை வேந்தே'. காவலன் வாழ்த்தை அவள் கேட்டிருக்க முடியாது, நாம் கேட்டிருக்கிறோம். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே வினையைப் பயன்படுத்துங்கள். "பழியின் பக்கம் செல்லாத பாண்டியனே" என்றால் இங்கே "நன்மையின் பக்கம் செல்லாத கொற்கை வேந்தே". 'கொற்கை வேந்தே' என்பதைப் 'பாண்டிய மன்னா' என்று பொதுவாக்காதீர்கள். கொற்கை முத்துக்குப் பெயர்பெற்ற துறை. இந்த வழக்கே முத்தா மாணிக்கமா என்பதில்தான் முடியப் போகிறது.

கண்ணகி "என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்கிறாள். 'அரி' என்பதற்குப் 'பரல்' என்று எழுதினால் பெரும்பாலோருக்குப் புரியும். 'மணி' என்பது இன்று பாசிமணியையும் நினைவூட்டும். அதனால் இங்கே ஒரு முறை "மாணிக்க மணி" என்று தெளிவாக்கிவிட்டு, உடையும் இடத்தில் வெறும் 'மணி' என்று சுருக்குங்கள்.

உடையும் இடம் இது: "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே". 'மணி மன்னவனின் வாயருகே தெறித்தது' என்று எழுவாயை முன்னுக்குத் தள்ளினால் இலக்கணம் ஒழுங்காகிவிடும், காட்சி போய்விடும். என்ன தெறித்தது என்பதுதான் தீர்ப்பு, அது கடைசிச் சொல்லாக வருகிறது. "மன்னவனின் வாயருகே தெறித்தது மணி." தமிழில் இந்த வரிசை இன்றும் இயல்பானதுதான். இன்னொரு சின்ன எச்சரிக்கை: வாய், வாயில் இரண்டும் இந்தப் பகுதியில் வருவதால் கதவைச் சொல்லும் இடங்களில் 'வாசல்' என்றே எழுதிவிடுங்கள். வாசித்துக் கேட்கும்போது குழப்பம் வராது.

அடைமொழிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒள்ளிழை, தேமொழி, மடமொழி என்று பெண்களைச் சுட்டும் சொற்கள் இந்தக் காதையில் கிடக்கின்றன. செய்யுளில் இவை பெரும்பாலும் 'அவள்' என்னும் சொல்லின் இடத்தில் நிற்பவை. கணவனை இழந்து, ஒற்றைச் சிலம்போடு அவையில் நிற்பவளைத் 'தேன் போன்ற மொழியுடையவள்' என்று விரித்து எழுதினால் கூட்டத்தில் யாராவது சிரித்துவிடுவார்கள். தயங்காமல் 'அவள்' என்று மாற்றுங்கள். அரசன் சொல்லும் "செவ்வை நன்மொழி" என்பது மட்டும் இருக்க வேண்டும்: "நீ சொன்னது நேரிய நல்ல சொல்." எதிரி சொன்ன சான்றை அவன் உடனே ஏற்றுக்கொள்கிறான். அந்த நேர்மை இல்லாவிட்டால், பின்னால் அவன் வீழ்வதற்குப் பொருளே இருக்காது.

எழுதி முடித்ததும் நீளத்தைப் பாருங்கள். மூலத்தைப் போல இரண்டு மடங்கு ஆகியிருந்தால் உரையை வாக்கியத்துக்குள் திணித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். பறவையின் துயர் தீர்த்தவன் சிபி, மகனைத் தேர்ச்சக்கரத்தில் இட்டவன் மனுநீதிச் சோழன் என்பதெல்லாம் கண்ணகி சொல்லாதவை. எதிரே இருந்தவனுக்குப் பெயர் சொல்லத் தேவையில்லை. உங்கள் அவைக்குத் தேவையென்றால், வாசிப்புக்கு முன்னால் தொகுப்பாளர் இரண்டு வரியில் சொல்லட்டும்.

அரசன் வீழும் இடத்தில் "தாழ்ந்த குடையன் தளர்ந்தசெங் கோலன்" என்பதை 'குடை தாழ்ந்தது, செங்கோல் தளர்ந்தது' என்று நிகழ்ச்சிகளாக மாற்றாமல், "தாழ்ந்த குடையோடும் தளர்ந்த செங்கோலோடும்" என்று அவனோடு சேர்த்தே வைக்கலாம். "கெடுக என் ஆயுள்" அப்படியே இருக்கட்டும். வாழ்க, ஒழிக என்று நாள்தோறும் கேட்கிறவர்களுக்குக் 'கெடுக' புரியாமல் போகாது. 'என் ஆயுள் முடிந்து போகட்டும்' என்பதில் சலிப்புதான் கேட்கிறது. இவன் சொல்வது தனக்குத் தானே கொடுக்கும் தண்டனை.

கடைசியாகக் கோப்பெருந்தேவி. "கணவனை இழந்தோர்க்குக் காட்டுவது இல்" என்று சொல்லி வீழ்கிறாள். பெற்றோரை இழந்தவர்க்கு வேறொருவரைக் காட்டி 'இவரை அப்படி நினைத்துக்கொள்' என்று ஆறுதல் சொல்லலாம், கணவனை இழந்தவளுக்கு அப்படிக் காட்ட யாரும் இல்லை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கத்தைத் தேவியின் வாயில் வைக்காதீர்கள். "கணவனை இழந்தவர்க்குக் காட்ட ஏதும் இல்லை" என்பதோடு அவள் பேச்சு நிற்க வேண்டும். 'இழந்தோர்' என்று அவள் பலர்பாலில் சொல்வதால் அதை 'உனக்கு' என்றும் மாற்றக் கூடாது. அந்தச் சொல்லுக்குள் இன்னும் ஒரு கணத்தில் அவளும் வந்துவிடப் போகிறாள். பிறகு "இணையடி தொழுதுவீழ்ந் தனளே". யாருடைய அடி என்று அந்த அடியில் இல்லை. கணவனுடைய அடி என்று பொருள் கொள்வது வழக்கம்தான், ஆனாலும் நீங்கள் அதைச் சேர்க்க வேண்டாம். "இணையடி தொழுது வீழ்ந்தாள்" என்று எழுதிவிட்டு, வாசிப்பவரை அதற்கு மேல் எதுவும் பேசாமல் நிறுத்தச் சொல்லுங்கள்.